தன்னியக்கக் கட்டளை தவறியதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்கு மாதத்துக்கு மூன்று நான்கு பேராவது ஒரே முறைப்பாட்டோடு வருகிறார்கள். "ஐயா, பணம் தானாகவே கழியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே வந்தேன், பிறகு எப்படித் தாமதக் கட்டணம் போட்டார்கள்?" கேள்வி ஒன்றுதான், ஆனால் அதற்குக் குறைந்தது ஏழு எட்டு விடைகள் உண்டு. திரும்பத் திரும்ப வாயால் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

இங்கே நான் பேசுவது இரண்டு ஏற்பாடுகளைப் பற்றித்தான். ஒன்று, கடனட்டையும் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருக்க, அட்டைக்கான தொகையை அந்தக் கணக்கிலிருந்து வங்கியே மாதாமாதம் எடுத்துக்கொள்வது. மற்றது நிலையியற் கட்டளை. மாதத்தில் இன்ன திகதியில் இவ்வளவு ரூபாயை இன்ன கணக்குக்கு அனுப்பு என்று உங்கள் வங்கிக்கு நீங்கள் எழுதிக் கொடுப்பது. லீசிங் தவணைக்கும் வேறு வங்கியின் கடனுக்கும் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறோம். உங்களுடையது எது என்பது தெரியாமல் கிளைக்குப் போனால் இரண்டு கவுண்டருக்கு இடையே அலைக்கழிவீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

கொடுப்பனவுத் திகதி இன்னும் தாண்டவில்லை என்றால் காரணம் தேடாதீர்கள், முதலில் கையால் கட்டுங்கள். கட்டளை தவறியதால் திகதி ஒரு நாளும் தள்ளிப் போவதில்லை. வங்கியின் கணினி பணத்தை எடுக்கத் தவறினாலும், உங்கள் கணக்கில் பணம் போதாமல் போனாலும், கடன் கொடுத்தவர் பார்ப்பது தன் பக்கத்தில் பணம் எப்போது வந்து சேர்ந்தது என்பதைத்தான்.

கடனட்டையில் முழுத்தொகை கையில் இல்லை என்றால் கூற்றில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டிவிடுங்கள். தாமதக் கட்டணம் அந்தக் குறைந்தபட்சத் தொகை உரிய திகதிக்குள் வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே விழுகிறது. மீதிக்கு வட்டி ஏறும், அது வேறு கதை. ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய்க் கூற்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறைக் கட்டி ஒரு தாமதக் கட்டணத்தைத் தடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. "முழுவதும் இல்லையே, பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிட்டு வருபவர்களே அதிகம்.

கையால் கட்டியதும் கிளைக்கோ வாடிக்கையாளர் இலக்கத்துக்கோ அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள். தவறிய கட்டளையைக் கணினி மீண்டும் ஓட்டிப் பார்க்குமா? சில வங்கிகள் ஒரே தடவையோடு விட்டுவிடும். சில அடுத்த வேலைநாளோ அடுத்த சில நாட்களிலோ மறுபடி முயலும். மறுபடி முயலும் என்றால் அந்த மாதத்துக்கு அதை நிறுத்தச் சொல்லுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் இந்தக் கட்டுரையின் ஐந்தாம் அறிகுறிக்கு வந்து சேர்கிறார்கள்.

அறிகுறி 1: கணக்கிலிருந்து பணம் போகவேயில்லை

*மீதி இருந்தது போலத் தோன்றினால்*

பத்தில் ஆறு ஏழு இந்த இடத்திலேயே முடிந்துவிடும். செயலியைத் திறந்தால் இரண்டு தொகை தெரியும். ஒன்று கணக்கில் உள்ள மொத்த மீதி. மற்றது Available Balance என்று காட்டுவது. கட்டளை பார்ப்பது இரண்டாவதை மட்டும். கணக்கைத் திறந்துவைத்திருக்கக் கட்டாயம் இருக்க வேண்டிய குறைந்தபட்ச மீதி, இன்னும் தீராத காசோலை, வங்கி தடுத்துவைத்திருக்கும் தொகை எல்லாம் மொத்த மீதியில் இருக்கும், எடுக்கக்கூடிய மீதியில் இராது. சில செயலிகள் கட்டாய மீதியை இரண்டாவது தொகையிலும் கழித்துக் காட்டுவதில்லை. அதை நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

காசோலை விடயத்தில் ஒரு வார்த்தை. இன்று போட்ட காசோலை அடுத்த வேலைநாளில்தான் தீரும். வியாழக்கிழமை மாலை போட்டுவிட்டு வெள்ளி அதிகாலை கட்டளை ஓடும் என்று நம்பியிருந்தால் ஏமாற்றம்தான். சம்பளமும் அப்படியே. 25 ஆம் திகதி சம்பளம் வருகிறது, 25 ஆம் திகதியே லீசிங் போகட்டும் என்று கேட்டு எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பல வங்கிகளில் கட்டளைகள் ஓடுவது அதிகாலையில். சம்பளம் ஏறுவது பகலில். ஐந்தாறு மணி நேர இடைவெளியில் மாதாமாதம் விழுந்துகொண்டிருப்பார்கள். கட்டளையை 27க்கு மாற்றினால் தீர்ந்தது, தவணைத் திகதி அதற்குப் பிறகு இருக்கும்வரை.

சாம்பல்தீவில் கற்பிக்கும் ரீச்சர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 10 ஆம் திகதி புத்தாண்டுக்காக ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினார், அட்டையில் 48,600 ரூபாய். கூற்று 20 ஆம் திகதி வந்தது. கட்ட வேண்டிய இறுதித் திகதி மே 12. முழுத்தொகையையும் அன்றே கணக்கிலிருந்து எடுக்கும்படி கட்டளை இருந்தது. மே 9 வெள்ளிக்கிழமை கணக்கில் 52,300 ரூபாய். "போதுமே" என்று வைத்துவிட்டார். மறுநாள் சனி, வீட்டுக்காரர் வெசாக் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போக ஏ.டி.எம்மில் 3,000 எடுத்தார். மீதி 49,300. இன்னும் 48,600ஐ விட அதிகம்தானே?

அதிகம்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஆயிரம் ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும். எடுக்கக்கூடியது 48,300. முந்நூறு ரூபாய் குறைவு. கணினி இருப்பதை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று நினைக்காது. முழுத்தொகைக் கட்டளை முழுவதும் கிடைக்காவிட்டால் பல வங்கிகளில் எதையும் எடுக்காது. மே 12 திங்கள் வெசாக், மறுநாள் செவ்வாயும் வங்கி விடுமுறை, அதற்கு முந்தைய இரண்டு நாளும் வார இறுதி. நான்கு நாள் கிளை பூட்டியிருந்தது. தவறிவிட்டது என்ற குறுஞ்செய்தி அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய தொலைபேசி இலக்கத்துக்குப் போனது. அட்டைப் பிரிவிலிருந்து 15 ஆம் திகதி அழைப்பு வந்தபிறகுதான் விடயம் தெரிந்தது. 16 ஆம் திகதி வேறு வங்கிக் கணக்கிலிருந்து முழுவதையும் கட்டினார்.

அவருடைய அட்டையின் ஆண்டு வட்டி 26 வீதம். இறுதித் திகதிக்குள் முழுவதும் வராவிட்டால் பெரும்பாலான அட்டைகளில் வட்டி இறுதித் திகதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. ஏப்ரல் 10 முதல் மே 16 வரை 36 நாள். ஒரு நாளுக்கு 48,600 × 26% ÷ 365 என்றால் ஏறக்குறைய 34 ரூபாய் 62 சதம். 36 நாளுக்கு 1,246 ரூபாய். தாமதக் கட்டணம் அவருடைய கட்டண அட்டவணைப்படி 1,500. மொத்தம் 2,746 ரூபாய், முந்நூறு ரூபாய்க்கு. ஏப்ரல் 20க்குப் பிறகு அவர் அட்டையில் வாங்கியிருந்த சில்லறைச் சாமான்களுக்கும் அந்த மாதம் வட்டியில்லாக் காலம் இல்லாமல் போனது. அடுத்த கூற்றில் "நான் முழுவதும் கட்டிவிட்டேனே, இது என்ன புதிய வட்டி?" என்று அவர் கேட்டது அதைத்தான்.

மே 11 ஞாயிறு அன்று செயலியில் ஒருமுறை பார்த்து, குறைந்தபட்சம் 2,430 ரூபாயை மட்டும் கையால் தள்ளியிருந்தால் அந்த 1,500 விழுந்திராது. வெளி வங்கிக் கணக்கிலிருந்து அனுப்ப விடுமுறை நாள் தடையல்ல. உடனடி வங்கிகளிடைப் பரிமாற்றமான செஃப்ட்ஸ் வார இறுதியிலும் போயாவிலும் இயங்குகிறது.

*மீதி போதுமானது என்று உறுதியானால்*

அடுத்துப் பார்க்க வேண்டியது திகதி. கட்டளையின் பிரதியை எடுத்துப் பாருங்கள், முடிவுத் திகதி என்று ஒரு கட்டம் இருக்கும். லீசிங் 36 மாதம் என்றால் 36 என்று எழுதியிருப்பார்கள். இடையில் தவணைத் தளர்வு பெற்று உங்கள் லீசிங் 42 மாதமாகியிருக்கலாம், கட்டளைக்கு அது தெரியாது. செயலியில் Expired என்று அமைதியாகக் கிடக்கும். யாரும் உங்களுக்குக் கடிதம் எழுதமாட்டார்கள்.

பிறகு அட்டை. காலாவதியாகிப் புதிய அட்டை வந்ததா, தொலைந்து மாற்றினீர்களா? சில வங்கிகளில் கட்டளை பழைய அட்டை இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கும், புதியதற்குத் தானாக மாறாது. புதிய அட்டை கையில் கிடைத்த அன்றே கிளையிலோ தொலைபேசியிலோ "பழைய கொடுப்பனவுக் கட்டளை இதற்கு வந்துவிட்டதா" என்று கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிவையுங்கள்.

கட்டளை எழுதிக் கொடுத்து இது முதல் மாதம் என்றால், கூற்று அச்சானபிறகு கொடுத்த படிவம் பெரும்பாலும் அடுத்த கூற்றிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். முதல் மாதத்தைக் கையால் கட்டுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரிய வில்லங்கம். இருபது வருடத்துக்கு முன் கணக்குத் திறந்தபோது தமிழில் கையெழுத்திட்டவர், கட்டளைப் படிவத்தில் ஆங்கிலத்தில் கையெழுத்திடுவார். இரண்டும் பொருந்தாமல் படிவம் ஒரு கோப்பில் நின்றுவிடும். உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் மறந்திருப்பார். படிவம் கொடுத்து ஒரு வாரத்தில் செயலியிலோ கிளையிலோ கட்டளை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே மருந்து.

கடைசியாக, கணக்கே உறங்கிப் போயிருக்கலாம். நீங்கள் நேரடியாக எதுவும் செய்யாமல் கட்டளை மட்டும் ஓடும் கணக்கைச் சில வங்கிகள் செயலற்றதாக வகைப்படுத்தும். அப்படி இருந்தால் அடையாள அட்டையோடு நேரில் போகத்தான் வேண்டும். இதைத் தொலைபேசியில் தீர்க்க முயன்று ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள்.

அறிகுறி 2: பணம் போய்விட்டது, ஆனாலும் தாமதக் கட்டணம் வந்திருக்கிறது

ஆத்திரம் அதிகம் வருவது இங்கேதான். கையில் இருக்கும் குறுஞ்செய்தி "12 ஆம் திகதி கழிக்கப்பட்டது" என்கிறது, கடன் கொடுத்தவர் "14 ஆம் திகதிதான் கிடைத்தது" என்கிறார். இருவரும் உண்மையே சொல்கிறார்கள்.

நிலையியற் கட்டளையில் வேறு வங்கிக்குப் போகும் பணத்தைப் பல வங்கிகள் ஸ்லிப்ஸ் வழியாக அனுப்புகின்றன. அது தொகுதி தொகுதியாக, வேலைநாட்களில் மட்டும் தீர்க்கப்படும் முறை. சனி, ஞாயிறு, போயா, பொங்கல், புத்தாண்டு நாட்களில் அது நகராது. மாதத்துக்கு ஒரு போயா பெரும்பாலும் உண்டு, அது ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு திகதியில். ஒரே திகதிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு இருபது மாதம் சிக்கலில்லாமல் இருந்தவருக்கு, இருபத்தோராம் மாதம் அந்தத் திகதியில் போயா வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரிபார்க்க மூன்று திகதிகளைக் கடதாசியில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். உங்கள் கணக்கில் கழிந்த நாள். கடன் கொடுத்தவரின் கணக்கில் வரவான நாள். கடன் கொடுத்தவர் உங்கள் அட்டையிலோ லீசிங் கணக்கிலோ அதைப் பதிந்த நாள். முதல் இரண்டுக்கும் இடையில் இடைவெளி என்றால் பணம் வழியில் நின்றது, உங்கள் வங்கியிடம் பரிமாற்றக் குறிப்பு இலக்கத்தைக் கேளுங்கள். பின் இரண்டுக்கும் இடையில் இடைவெளி என்றால் பணம் நேரத்துக்கு வந்தும் கடன் கொடுத்தவர் தாமதமாகப் பதிந்திருக்கிறார், அந்தக் கட்டணத்தை அவரே நீக்க வேண்டும். இந்த இரண்டாவது வகையில் கடிதம் எழுதிக் கட்டணத்தைத் திரும்பப் பெற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வகையில் குறைவு.

இறுதித் திகதியே விடுமுறையாக இருந்தால் என்ன? இதற்குப் பொது விதி ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சில நிறுவனங்கள் அடுத்த வேலைநாளில் வந்தால் ஏற்கும், சில முந்தைய வேலைநாளுக்குள் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கூற்றின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படியுங்கள். படிக்கப் பொறுமையில்லை என்றால் கட்டளையை இறுதித் திகதிக்கு மூன்று வேலைநாள் முன்னால் வைத்துவிடுங்கள். வெசாக் வாரம் போல நான்கு நாள் தொடர்ந்து பூட்டும் காலங்களில் அதுகூட இழுபறிதான், அந்த மாதங்களில் ஒரு வாரம் முன்னால் கையால் கட்டுவது உத்தமம்.

அறிகுறி 3: மாதாமாதம் தவறாமல் போகிறது, ஆனால் லீசிங் நிறுவனம் நிலுவை என்கிறது

மூதூரிலிருந்து முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் வந்தார். பதினொரு மாதப் பற்றுச்சீட்டும் கையில். ஒரு மாதமும் தவறவில்லை, ஆனால் எட்டு மாதமாக நினைவூட்டல் கடிதம். "தம்பி, முதல் கடிதம் எந்த மாதம் வந்தது?" என்றேன். நான்காம் மாதம். அதற்கு முந்தைய மூன்றாம் மாதத்துப் பற்றுச்சீட்டைப் பார்த்தால் தவணை நான்கு நாள் பிந்திப் போயிருக்கிறது. அவருக்கு நினைவே இல்லை.

நடந்தது இதுதான். அவருடைய தவணை 18,750 ரூபாய், கட்டளையும் அதே தொகைக்கு. நான்கு நாள் பிந்தியதற்குத் தாமத வட்டியாக நிறுவனம் 74 ரூபாயைப் பதிந்தது. அடுத்த மாதம் கட்டளை வழக்கம்போல 18,750ஐ அனுப்பியது. நிறுவனம் அதில் முதலில் 74ஐத் தாமத வட்டிக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தவணைக்கு வரவு வைத்தது. ஆகத் தவணையில் 74 ரூபாய் குறை. தவணை முழுமையாகவில்லை என்பதால் கணினி நிலுவைக் கடிதம் ஒன்றை அச்சிட்டது, அந்தக் கடிதத்துக்கு 250 ரூபாய்க் கட்டணம். அடுத்த மாதம் குறை 324. இன்னொரு கடிதம், 574. எட்டாவது கடிதம் வந்தபோது கடிதக் கட்டணம் மட்டும் 2,000, அதன்மேல் 74ம், குறைத் தொகைக்கு ஏறிய சில்லறை வட்டியும். ஆரம்பத்துக் கடன் வெறும் 74 ரூபாய்.

கட்டளை நிலையான தொகை அனுப்பும்போது இது தானாகத் தீராது, பெருகத்தான் செய்யும். நிறுவனத்திடம் கணக்கு விவரக் கூற்று ஒன்று கேளுங்கள். அதில் முதன்முதலாக வட்டி அல்லது கட்டணம் என்று பதிந்த வரியைத் தேடுங்கள். அந்த வரி நியாயமானது என்றால் அன்றிலிருந்து சேர்ந்த முழுக் குறையையும் ஒரே தடவையில் கையால் கட்டித் தீர்த்துவிட்டு, இனிக் கணக்கு பூச்சியத்தில் நிற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் வரியே பிழை என்றால், அதாவது அறிகுறி 2இல் சொன்னபடி பணம் நேரத்துக்கு வந்திருந்தால், அதன்மேல் குவிந்த கடிதக் கட்டணம் எல்லாமே விழுந்துவிட வேண்டும். முச்சக்கர வண்டிக்காரருக்கு முதல் 74 நியாயமானதுதான். ஆனால் எட்டுக் கடிதத்தில் ஆறின் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். "ஒரு தடவைகூட அழைத்துக் காரணம் சொல்லவில்லையே" என்று நான் கேட்டதற்குக் கிளை முகாமையாளரிடம் பதில் இல்லை.

வருடாந்தக் காப்புறுதி, வரி ஆகியவற்றைத் தவணையோடு சேர்க்கும் ஒப்பந்தங்களில் தவணைத் தொகை வருடத்துக்கொருமுறை மாறும். கட்டளைத் தொகை மாறாது. அங்கேயும் இதே குறை தொடங்கும்.

அறிகுறி 4: தாமதக் கட்டணம் இல்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே போகிறது

இது கோளாறே அல்ல. அட்டைக்கான கட்டளைப் படிவத்தில் முழுத்தொகை, குறைந்தபட்சத் தொகை என்று இரண்டு பெட்டி இருக்கும். இரண்டாவதில் அடையாளமிட்டிருப்பார்கள், சில வேளை படிவத்தை நிரப்பிக் கொடுத்த அலுவலர் இட்டிருப்பார். கட்டளை தவறாமல் ஓடுகிறது, தவறாமல் குறைந்தபட்சத்தை மட்டும் எடுக்கிறது. முழுத்தொகைக்கு மாற்றுங்கள். மாற்றியபிறகும் ஒரு மாதம் கொஞ்சம் வட்டி வரும், அது மாற்றுவதற்கு முந்திய நாட்களுக்கானது.

அறிகுறி 5: இரண்டு தடவை கழிந்துவிட்டது

கையால் கட்டியபிறகு கணினி மறுபடி ஓட்டியதே காரணம். கடனட்டையில் இது பெரிய நட்டமல்ல, அதிகம் கட்டிய தொகை அட்டையில் வரவாக நிற்கும், அடுத்த கொள்வனவில் கழியும். பணமாகவே வேண்டும் என்றால் எழுதிக் கேட்டால் கணக்குக்குத் திருப்புவார்கள்.

லீசிங்கில் கவனம் வேண்டும். அதிகப்படியாக வந்ததை அடுத்த தவணைக்கு முன்பணமாகப் பதிந்தார்களா, ஏதோ கட்டணத்துக்குப் பிடித்துக்கொண்டார்களா என்று கூற்றில் பாருங்கள். இரண்டாம் தடவை கழிந்ததால் சேமிப்புக் கணக்கு வறண்டு, அன்று தீர வேண்டிய உங்கள் காசோலை ஒன்று திரும்பிவிட்டதென்றால் அது தனிப் பிரச்சினை. காசோலை திரும்பும் கட்டணத்தோடு காசோலை வாங்கியவரின் முகமும் சேர்ந்து கெட்டுவிடும். அன்றே கிளைக்குப் போங்கள்.

எப்போது மேலே போவது

கட்டணம் பிழையென்று நினைத்தால் முதலில் கட்டணத்தை விதித்த நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மின்னஞ்சலும் எழுத்துத்தான். மூன்று திகதிகள், குறுஞ்செய்தியின் படம், கூற்றின் பக்கம், கட்டளைப் படிவத்தின் பிரதி, இவ்வளவும் ஒரே தடவையில் இணையுங்கள். கேட்பது என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள்: இன்ன திகதியில் விதித்த 1,500 ரூபாய்த் தாமதக் கட்டணத்தை மீளளிக்கவும். வாடிக்கையாளரின் பிழையாக இருந்தாலும் முதல் தடவை என்றால் தாமதக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது வழக்கம்தான், கேட்டால் மட்டும். சாம்பல்தீவு ரீச்சருக்கு 1,500 திரும்பி வந்தது. வட்டியை விட்டுக்கொடுக்கவில்லை, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நிறுவனம் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் ஆவணங்களுக்கு முரணாக இருக்கிறது என்றால் அடுத்த படி இலங்கை மத்திய வங்கி. நிதி நுகர்வோர் முறைப்பாடுகளுக்கான இலக்கம் 1935. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டீர்களா என்றுதான் அங்கேயும் கேட்பார்கள், அதனால் முதல் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. நிதி ஒம்புட்ஸ்மனுக்குப் போகும் வழியும் உண்டு.

நிலுவை என்ற பதிவு உங்கள் பெயரில் நின்றுவிட்டதா என்ற ஐயம் இருந்தால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். முச்சக்கர வண்டிக்காரர் அடுத்த வருடம் வீட்டுக்கூரைக்குக் கடன் கேட்கப் போகிறார். அதனால் கணக்கு பூச்சியம் என்ற கடிதத்தை வாங்கியபின் பணியக அறிக்கையையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். நிறுவனம் அனுப்பும் திருத்தம் அறிக்கையில் ஏறக் கொஞ்ச நாள் எடுக்கும் என்பதால், கடிதம் வந்த கையோடு அல்ல, ஒரு மாதம் கழித்து.